ஆர்ஃபியஸ் ஏன் திரும்பிப் பார்த்தான்?

கிரேக்கப் புராணத்தில் வரும் பாடகன் ஆர்ஃபியஸ், இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளத்துக்கே இறங்கிப் போனான். கூட்டி வரும் வழியில் திரும்பிப் பார்த்து அவளை மறுபடியும் இழந்தான். அவனைப் பொறுமை இல்லாதவன் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை. வெளிச்சத்துக்கு வரும்வரை மனைவியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, இதுகூடவா முடியாது என்று கேட்கிறார்கள். அவன் நடந்த பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ரோமானியக் கவிஞர் ஆவிட் அதை விவரித்திருக்கிறார். செங்குத்தான ஏற்றம், கரிய மூடுபனி, சத்தமே இல்லாத அமைதி. யூரிடிசியைப் பாம்பு கடித்தது கணுக்காலில். பாதாளத்திலும் அந்தக் காயத்தால் அவள் மெதுவாகத்தான் நடக்கிறாள். முன்னால் போகிறவன் காதில் எதுவும் விழவில்லை. அவள் பின்னால் வருகிறாளா, பாதி வழியில் நின்றுவிட்டாளா? அவள் தளர்ந்துவிடுவாளோ என்ற பயமும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துதான் அவனைத் திருப்பின என்கிறார் ஆவிட். எனக்கு அந்தப் பயம்தான் முக்கியமாகப் படுகிறது. காயம்பட்டவளைக் கூட்டி வருகிறவன் திரும்பிப் பார்க்காமல் எப்படி நடப்பான்?

அவருக்கு முன்பே இதே கதையை எழுதிய வர்ஜில் இதைத் திடீர்ப் பித்து என்கிறார். பாதாளத்துக்கு மன்னிக்கத் தெரிந்திருந்தால் மன்னித்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவருடைய யூரிடிசி, நம் இருவரையும் இப்படி அழித்தது என்ன பித்து என்று கேட்டுவிட்டு மறைகிறாள். ஆவிடின் யூரிடிசி குறையே சொல்வதில்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர அவன்மேல் சொல்ல அவளுக்கு என்ன குறை இருக்கிறது?

ஜப்பானில் 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற புராண நூலிலும் இதேபோல ஒரு கதை உண்டு. இறந்த இசனாமி, தன்னைத் தேடிப் பாதாளத்துக்கு வந்த கணவன் இசனாகியிடம், நான் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருகிறேன், என்னைப் பார்க்காதே என்கிறாள். இசனாகி வெகுநேரம் காத்திருக்கிறான். அப்புறம் தலையில் செருகியிருந்த சீப்பின் ஒரு பல்லை ஒடித்து, அதில் தீ மூட்டிப் பார்த்துவிடுகிறான். அவள் உடலெங்கும் புழுக்கள்.

இருவரும் ஏன் தோற்க வேண்டும்? யூரிடிசியின் முதல் மரணத்துக்குக் காரணம் ஒரு பாம்பு. அதில் அவன் செய்திருக்கக்கூடியது எதுவுமில்லை. இரண்டாவது மரணம் மட்டும் முழுக்க அவனுடையது. யாரையாவது பறிகொடுத்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு இரண்டாவது மரணத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் அந்த அறையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால், முந்தைய நாளே கூட்டிப் போயிருந்தால் என்று. காரணமே இல்லாத இழப்பைவிடத் தன் தவறால் வந்த இழப்பை மனம் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. திரும்பிப் பார்த்த அந்த நொடி, இந்தக் குற்ற உணர்ச்சிக்குக் கதை கொடுத்த உருவம்.

சரி, சாவித்திரி ஜெயித்தாளே என்று கேட்கலாம். அவளுக்கு எமன் இப்படி ஒரு நிபந்தனையே போடவில்லை. கணவனின் உயிரைக் கொண்டுபோகும் எமன் முன்னால் நடக்க, அவள் கண்ணெதிரே அவனைப் பின்தொடர்கிறாள், வாய் திறந்து வாதாடுகிறாள். திரும்பிப் போ என்றுதான் எமன் அவளிடம் மீண்டும் மீண்டும் சொல்கிறான். ஆர்ஃபியஸிடம் கேட்கப்பட்டதோ வேறு. அவள் இல்லை என்பதை ஏற்க முடியாமல்தான் அவன் அவ்வளவு தூரம் இறங்கிப் போனான். அப்படிப்பட்டவனிடம், அவள் இருக்கிறாளா என்று பார்க்காதே என்றார்கள்.