5 மணின்னா 5 மணி தாங்க!!

டூர் பஸ் கூட்டிட்டுப் போறவன் பாவம்யா. நேத்து ராத்திரி குரூப்ல நான் போட்ட மெசேஜ் இதான்: "நாளை காலை 5 மணிக்கு பஸ் கிளம்பும், எல்லாரும் ரெடியா இருங்க." நாப்பது கட்டைவிரல் வந்துச்சு. காலைல 5 மணிக்கு பஸ்ல இருந்தது பதினாறு பேர்! மேல ரூமுக்கு ஓடிப்போய் கேட்டா, "நாங்க ரெடியாத்தான் இருக்கோம், நீங்க கூப்பிடவே இல்லையே"ங்கறாங்க. தப்பு என் மேலயும்தான், ரெடியா இருங்கன்னு சொன்னேனே தவிர எங்க இருக்கணும்னு சொல்லல.

சரி, ஒருவழியா எல்லாரும் ஏறி, "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு கத்தினேன், "வந்தாச்சூ"ன்னு பஸ்ஸே அதிருது. வராதவங்க எப்படிங்க வரலைன்னு சொல்லுவாங்க? தலை எண்ணினேன், 44, கணக்கு கரெக்ட், வண்டிய எடுங்கன்னுட்டேன். ரெண்டு கிலோமீட்டர் தாண்டினப்புறம் 31ம் நம்பர் சீட் அம்மா போன் பண்றாங்க, பாத்ரூம் போயிட்டு வந்தா பஸ்ஸ காணோமாம். அப்புறம்தான் புரிஞ்சுது, கடைசி சீட்டுல போர்வைய இழுத்து போத்திட்டுப் படுத்திருந்த கிளீனர் தம்பியையும் சேத்து எண்ணிருக்கேன். திரும்பிப் போய் கூட்டிட்டு வந்தோம். எல்லாம் சேத்து 50 நிமிஷம் போச்சு, பாக்க வேண்டிய இடத்துக்குப் போனா கியூ வளைஞ்சு நெளிஞ்சு ரோட்டுக்கே வந்துருச்சு, எங்களுக்கு முன்னாடி நாலு பஸ் கூட்டம் நிக்குது. அரை மணி முன்னாடி வந்திருந்தா இந்த கூட்டமே இல்லைன்னு என்னையே திட்டறாங்க, லேட்டா வந்தவங்களும் சேர்ந்துக்கிட்டு!

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, ஒரு தடவை காத்திருந்தா போதும், அடுத்த நாள்ல இருந்து சொன்ன நேரத்துக்கு வந்தவங்களும் "எப்படியும் அரை மணி ஆகும்"னு மெதுவா வர ஆரம்பிச்சுடறாங்க.

அதனால இன்னிக்கு மெசேஜ மாத்தி போட்டுட்டேன். 4:40க்கு பெட்டி டிக்கில இருக்கணும், 4:50க்கு அவங்கவங்க சீட்டுல உக்காந்திருக்கணும். 4:55க்கு சீட் நம்பர் வாரியா பேர் படிப்பேன், அவங்கவங்களே குரல் கொடுக்கணும், "அவரு இப்ப வந்துருவாரு"ன்னு பக்கத்து சீட்டு சொன்னா வரலைன்னுதான் போடுவேன். வழில டீக்கு நிறுத்தினாலும் ஏறினதும் இதேதான். எல்லாரும் இருந்தா 5 மணிக்கு சக்கரம் சுத்தும். வராதவங்களுக்கு ஒரே ஒரு போன், 5:10 வரைக்கும் பார்ப்போம், அப்புறம் அடுத்த இடத்துக்கு சொந்த செலவுல வந்து சேர்ந்துக்கணும். வயசானவங்க, உடம்பு முடியாதவங்க 4:30க்குள்ள எனக்கு சொல்லிட்டா மட்டும் ஆள் அனுப்பி கூட்டிட்டு வருவேன், ரூம்லயே விட்டுட்டுப் போகமாட்டேன்.

இத்தனையும் டைப் பண்ணி அனுப்பின ரெண்டாவது நிமிஷம் ஒருத்தர் ரிப்ளை போடறாரு: "அப்போ 5:10க்கு வந்தா போதும்ல?"