‘வர்றேன்’ என்பதில் கேட்பவருக்கும் பங்கு உண்டு

“பேசுகிறவரை நோக்கி வந்தால் ‘பிரிங்’, அவரை விட்டு விலகினால் ‘டேக்’.” ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ‘கம்’, ‘கோ’ இரண்டுக்கும் இதே சூத்திரம்தான். இது பாதிதான் சரி என்பது என் கட்சி.

நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் போனில் “ஐ வில் பிரிங் த புக்” என்கிறார். அவர் இப்போது நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் புத்தகம் விலகித்தான் போகிறது. வகுப்புச் சூத்திரப்படி ‘டேக்’ வர வேண்டும். ஆனால் இயல்பான ஆங்கிலம் ‘பிரிங்’தான், ஏனென்றால் போய்ச் சேரும் இடத்தில் கேட்பவர் இருக்கிறார்.

இதைத் தமிழர்களுக்கு விளக்கவே தேவையில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே இருக்கிறது: “தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த.” வருவதும் தருவதும் என்னிடத்துக்கும் உன்னிடத்துக்கும், செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. அதனால்தான் “சாப்பிட வா” என்று அம்மா கூப்பிட்டால் “இதோ வர்றேம்மா” என்கிறோம். யாரும் “போறேன்” என்பதில்லை. ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் சொல்வது ‘யா வோய்’, அதாவது ‘இதோ போகிறேன்’. அங்கே ‘வா’ முழுக்கப் பேசுகிறவருடைய சொத்து.

இந்த இரண்டு இடத்தோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்த நேரத்தில் பேசுகிறவர் இருக்கப்போகும் இடம். “ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு வர்றீங்களா?” என்று கேட்டால் பேசுகிறவரும் அங்கே இருப்பார் என்று பொருள். “போறீங்களா?” என்றால் அவர் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு அப்படியே இருக்கிறது.

அலுவலக வாட்ஸ்அப்பில் இது தடுமாறும்போதுதான் வேடிக்கை. “நாளைக்குக் காலையில 10 மணிக்கு ஃபைலை கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு வாங்க” என்று மேலாளர் போடுகிறார். அவர் அங்கே வரும் உத்தேசமே இல்லை. ‘கொண்டு போங்க’ என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்தவர் ஃபைலோடு வாசலில் நின்று சாரை எதிர்பார்ப்பார், உள்ளே போய்க் கொடுக்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை. ‘வாங்க’ என்ற ஒரு சொல்தான் “நானும் இருப்பேன்” என்று சொல்லிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்: பொருளைச் சுமந்து போகிறவரை விட்டுவிட்டுப் பார்த்தால், அது போய்ச் சேரும் நேரத்தில் அந்த இடத்தில் நான் இருப்பேனா, இல்லை இதைப் படிக்கிறவர் இருப்பாரா? ரெண்டுக்கும் இல்லை என்றால் ‘போ’, ‘டேக்’.

படிக்கிறவர் பல ஊர்க்காரர் என்றால் சிக்கல் கூடும். மதுரைப் பதிப்பில் “முதல்வர் நாளை மதுரை வருகிறார்” சரி. அதே செய்தியைச் சென்னைப் பதிப்புக்கு எடுத்தால் “செல்கிறார்” என்று மாற்ற வேண்டும். தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே ‘வருகை தரும் அவர்’ என்று விட்டுவிட்டால், வாசகர் ஒரே பத்தியில் ரெண்டு ஊரில் நிற்க வேண்டியிருக்கும்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதே விஷயம் கேமரா மாதிரி. “அவள் அடுக்களைக்குள் வந்தாள்” என்றால் நாம் அடுப்பருகே இருக்கிறோம். “போனாள்” என்றால் கூடத்தில் நின்று அவள் முதுகைப் பார்க்கிறோம். கூடத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு ‘வந்தாள்’ விழுந்தால் வாசகர் சட்டென்று சுவரைத் தாண்டிவிடுவார். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள். மூலத்தில் ‘என்டர்ட்’ என்று இருக்கும். அது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறது என்று சொல்லாது. தமிழில் ‘நுழைந்தாள்’ என்று போட்டுத் தப்பிக்கலாம். ‘உள்ளே வந்தாள்’ என்றோ ‘உள்ளே போனாள்’ என்றோ எழுதினால் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும்.

தா, கொடு பற்றிக் கேட்டால் பலரும் தொல்காப்பியத்தின் எச்சவியலைத்தான் சொல்வார்கள்: ஈ இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று. அது பொருளை இரந்து கேட்கிறவரின் தகுதி பற்றிய விதி. கிளவியாக்கம் சொல்வது வாங்குகிறவரின் இடம் பற்றி. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த இட விதி பெரும்பாலும் கரைந்துவிட்டது. “எனக்குக் கொடு” என்பது இன்று இங்கே பலர் காதில் உறுத்தாது. மலையாளத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘எனிக்கு தா’, ‘நினக்கு தராம்’, ஆனால் ‘அவனு கொடுத்து’. பாலக்காட்டுப் பக்கம் போய் நம் பழக்கத்தில் ‘எனிக்கு கொடு’ என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் பொருளைத் தருவார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றும் கண்டுபிடித்திருப்பார்.