உராய்வு மட்டும்தானா?

"பட்டாசு ஆலைக் கலவை அறையில திடீர்னு தீப்பிடிச்சா, உராய்வுன்னு எழுதுறதைத் தவிர போர்மேன் வேற என்ன எழுத முடியும்?"

முந்தின நாள் கலந்த வெடிமருந்து மிச்சம் இருந்ததா என்று எழுதலாம். சிவகாசிப் பக்கம் நான் போர்மேனாக இருந்தபோது, மழைக்கு மறுநாள் காலையில் அப்படித்தான் பிடித்தது. வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடாகும். அமோனியா நெடி வரும். கதவைத் திறந்த அண்ணாச்சி, "மூத்திர வாடை அடிக்குதே" என்று வெளியே ஓடி வந்ததால் பிழைத்தார். அன்றைக்குக் கலக்கவே ஆரம்பிக்கவில்லை, அப்புறம் உராய்வு எங்கிருந்து வரும்? அதிகாரிகளுக்குப் போன அறிக்கையில் அந்த நெடி, மிச்ச மருந்தின் எடை, கடைசியாகக் கலந்த நேரம் மூன்றையும் எழுதினேன். எடையைப் பார்த்து முதலாளிக்கு முகம் சுருங்கியது, சரி, அது வேறு கதை.