லீட் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணவருக்கு நான் எழுதுன மெயில்

பதினோரு வருஷமா ரெக்ரூட்டரா இருக்கேன், இருந்தாலும் "ஒரு லெவல் கீழ ஒரு ஓப்பனிங் இருக்கு, பாக்குறீங்களா"னு கேக்குற மெயில் எழுத உக்காந்தா இன்னும் கை ஓடாது. சம்பளம் கம்மின்னாகூட பேசி சமாளிச்சுடலாம், டெசிக்னேஷன் கம்மின்னா மனுஷனுக்கு சுருக்குனு படும்.

போன மாசம் டெஸ்ட் லீட் வேலைக்கு ஒருத்தர் அப்ளை பண்ணார். ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். ஆனா ரெண்டாவது பக்கத்தை நிதானமா படிச்சா நாலரை வருஷம் மேனுவல் டெஸ்டிங், கடைசி ஒன்றரை வருஷம்தான் செலினியம்ங்கிற ஆட்டோமேஷன் டூல், அதுவும் வேற யாரோ கட்டி வச்ச ஃப்ரேம்வொர்க்ல ஸ்கிரிப்ட் எழுதுனது. டீம்னு பாத்தா ரெண்டு ஃப்ரெஷருக்கு சொல்லிக்குடுத்திருக்கார். லீடுக்கு நாங்க கேட்டது ஃப்ரேம்வொர்க்கை முதல்ல இருந்து கட்டுன அனுபவம், அஞ்சு பேரை வச்சு வேலை வாங்குனது, கிளையன்ட் கால்ல எஸ்டிமேட் குடுக்குறது.

எங்ககிட்ட இதுக்குன்னே ஒரு டெம்ப்ளேட் இருக்கு, "உங்கள் ப்ரொஃபைலுக்கு வேறு ரோல் பொருத்தமாக இருக்கும்"னு ஒரே வரி, காரணம் ஒண்ணும் இருக்காது. அதைப் படிச்சா யாருக்கும் சம்பளத்தை குறைக்கப் பாக்குறாங்கன்னுதான் தோணும், சில சமயம் அது உண்மையும்கூட, பட்ஜெட் இல்லாம நல்ல ஆளைக் கீழ இறக்குறதை நானே பாத்திருக்கேன். அதனால உங்களுக்கு இப்படி மெயில் வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, நீங்க கேட்டதுல எந்த வரி என் ரெஸ்யூமேல இல்லைன்னு. பதில் மழுப்புனா பட்ஜெட்தான்.

நான் டெம்ப்ளேட்டை விட்டுட்டு மேல சொன்ன மூணையும் அவர் ரெஸ்யூமே வரியோட சேத்து எழுதுனேன். சீனியர் டெஸ்டர் ரோலுக்கு 11ல இருந்து 13 லட்சம், லீடுக்கு 15ல இருந்து 18, அதையும் போட்டேன் (மேனேஜர் இப்பவே சொல்லாதன்னார், கடைசி ரவுண்டுல சொல்லி ஆள் போயிட்டா யாருக்கு நஷ்டம்னு கேட்டேன், கம்முனு ஆயிட்டார்). அப்புறம் லீட் இன்டர்வியூல ரிஜெக்ட் ஆனா எங்க கம்பெனில ஆறு மாசத்துக்கு எந்த ரோலுக்கும் அப்ளை பண்ண முடியாது, வெளில யாருக்கும் தெரியாத ரூல் இது, அதையும் எழுதுனேன். இல்ல, லீடுக்கே ட்ரை பண்றேன்னாலும் அனுப்புறேன், முடிவு உங்களுதுன்னு முடிச்சேன்.

ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாவது நாள் போன். கோவமா பேசுவார்னு நெனச்சேன். "மேடம், அந்த சீனியர் ரோல்ல ஃப்ரேம்வொர்க் கட்டுற வேலை வருமா?"ன்னார். எனக்குப் பதில் தெரியல. மேனேஜர்ட்ட ஓடிப்போய் கேட்டா, செலினியத்துல இருந்து பிளேரைட்ங்கிற இன்னொரு டூலுக்கு மொத்தமா மாத்தப் போறோம், அதுல பாதி அந்த ஆள் தலைலதான்னார். மெயில்ல மொத வரியா போயிருக்க வேண்டிய விஷயம், நான் வேலை விவரம் எழுதிருக்குற ஜேடிய மட்டும் பாத்துட்டு விட்டுருக்கேன்.

வியாழக்கிழமை அவருக்கு மொத ரவுண்ட், சீனியர் ரோலுக்குத்தான்.