மேக்ரோ தடை எல்லா ஃபைலுக்கும் இல்லை

“2022-லேயே மைக்ரோசாஃப்ட் மேக்ரோவைத் தடுத்துவிட்டது. இனி எந்த இன்வாய்ஸையும் பயமில்லாமல் திறக்கலாம்.”

பாதிதான் உண்மை. வேர்டு, எக்செல் ஃபைலுக்குள் இருக்கும் சிறு நிரல்தான் மேக்ரோ. இணையத்திலிருந்து வந்ததாக விண்டோஸ் முத்திரையிட்ட ஃபைலில் மட்டுமே அந்தத் தடை வேலை செய்யும். `Zone.Identifier` எனும் அம்முத்திரை FAT32, exFAT பென்டிரைவில் நகலெடுத்தால் அழிந்துவிடும். ஜிப்பைப் பிரிக்கும் சில மென்பொருள்களும் அதை உள்ளிருக்கும் ஃபைலுக்குக் கடத்துவதில்லை.

வித்தியாசம் திரையில் தெரியும். முத்திரை இருந்தால் மேக்ரோவுக்குச் சிவப்புப் பட்டை, அதை இயக்கும் பொத்தான் கிடையாது. இல்லையென்றால் மஞ்சள் பட்டையில் `Enable Content` வரும். ஒரே சொடுக்கில் மேக்ரோ ஓடிவிடும். வெறும் பில்லைப் படிக்க அது எதற்கு?

எதிர்பாராத இன்வாய்ஸை இறக்காமல் ஜிமெயில் முன்னோட்டத்திலேயே பாருங்கள். அங்கே மேக்ரோ ஓடாது. ஆனால் பிடிஎஃப்பில் உள்ள லிங்க் அங்கும் திறக்கும், அதைத் தொடாதீர்கள். பில் அனுப்பியவரை, மெயிலில் உள்ள எண்ணில் அல்ல, பழைய பில்லில் உள்ள எண்ணில் கேளுங்கள்.