விசிறி ஓடுவது கோளாறா?

"மண்டபம் ஊரில் நெரிசலில் நின்றால் என் பைக் எஞ்சின் கொதிக்கிறது, தம்பியின் ஸ்கூட்டரில் வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி ஓடுகிறது, கூலன்ட் அளவு சரியாகவே இருக்கிறது. எதில் கோளாறு?"

உங்கள் பைக்கைப் போலக் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டமே விசிறி என்பதால், நெரிசலில் நின்றால் அணைத்துவிடுங்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள துடுப்புகளுக்கு இடையே அப்பிய உப்பு மண்ணை, எஞ்சின் ஆறிய பின் கழுவுங்கள். ஸ்கூட்டரில் விசிறி சிறிது நேரம் ஓடி அடங்கினால், பல மாடல்களில் அது இயல்பே.

நான் கவலைப்படுவது அந்தக் "சரியான" அளவைப் பற்றித்தான். சூட்டில் விரிந்து, நீங்கள் அளவு பார்க்கும் சேமிப்புக் கலத்துக்குச் செல்லும் கூலன்ட், ஆறும்போது ரேடியேட்டருக்குத் திரும்ப வேண்டும். மூடியின் ரப்பரோ இணைப்புக் குழாயோ வெடித்திருந்தால் காற்றுதான் உள்ளே நுழையும், கலத்தில் அளவு குறையாமலே ரேடியேட்டர் வற்றும். அப்போது சூட்டை அறிந்து விசிறியை ஓட்டும் சென்சார் திரவத்தில் மூழ்காமல், எஞ்சின் கொதித்தும் விசிறி சுழலாமல் போகலாம். ஆகவே, எஞ்சின் முழுதும் ஆறிய காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட் விளிம்புவரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் நிறுவனம் சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். நம் பகுதியின் உவர்நீரை ஊற்றினால் ரேடியேட்டர் உள்ளிருந்தே அரிக்கும்.