பால்காரர் அஞ்சு நாள் பால் குறைத்தால் சண்டை போடாதீர்கள்

பட்டர்வொர்த் பக்கம் இன்னும் பல வீடுகளுக்குப் பால்காரர் அண்ணன்தான் பால் ஊற்றுகிறார். தைப்பூசம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம், எல்லாருக்கும் கூடுதலாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் "வேற ஆள் பாத்துக்குறோம்ணே" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து மருந்து போட்ட மாட்டின் பாலையும் அவர் ஊற்றிவிட்டால், அது நம் டம்ளரில்தான் வந்து சேர்கிறது.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்புத் துளை வழியாக ஆண்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். திங்கள் காலை, மாலை, செவ்வாய் காலை ஆறு மணி என்று மூன்று முறை ஏற்றியதாக வையுங்கள். மருந்து உறையில் 96 மணி நேரம் பால் விற்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. இதைக் கடைசி மருந்திலிருந்து எண்ண வேண்டும். அப்படியென்றால் சனி காலை வரை. திங்களிலிருந்து எண்ணுகிறவர் ஒரு நாள் முன்னாலேயே விற்றுவிடுவார். இன்னொன்று, நோய் ஒரு காம்பில்தானே என்று மற்ற மூன்றைக் கறந்து விற்கவும் கூடாது. மருந்து ரத்தத்தில் கலந்து அந்தக் காம்புகளுக்கும் போகும். வேளைக்கு நாலு லிட்டர் கறக்கிற மாடு என்றால், திங்கள் காலையிலிருந்து சனி காலை வரை 44 லிட்டரைக் கீழே கொட்ட வேண்டும். அது முழுக்க அவர் தலையில் விழுகிற நட்டம்.

கொஞ்சம்தானே, மற்ற பாலோடு கலந்தால் தெரியாது என்பார்கள். பென்சிலினுக்கு உலக உணவுத் தர வரம்பு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். ஒரே ஒரு மாட்டின் பாலில் 100 மில்லிகிராம் வெளியேறினால் போதும், 25,000 கிலோ பால் அந்த வரம்பைத் தொட்டுவிடும். காய்ச்சினால் போய்விடும் என்று நம்பாதீர்கள், வீட்டு அடுப்புச் சூட்டுக்குப் பென்சிலின் பெரிதாகக் குறையாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது சாதாரண விஷயமில்லை.

பால் பண்ணை ஆலைகளில் லாரிப் பாலை இறக்குவதற்கு முன்பே சோதிக்கிறார்கள். கொஞ்சம் பாலில் சோதனைப் பட்டையை முக்கினால் சில நிமிடத்தில் கோடு தெரியும். மருந்து இருந்தால் சோதனைக் கோடு மங்கிப்போகும். இன்னொரு முறையில், ஊதா நிற ஜெல்லில் வெப்பம் தாங்கும் பாக்டீரியாவை வைத்து, பால் விட்டு, 64 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரம் வைப்பார்கள். கிருமி வளர்ந்து புளிப்பு கூடினால் ஜெல் மஞ்சளாகும். மருந்து இருந்தால் கிருமி வளராது, ஊதா அப்படியே நிற்கும். ஆனால் பென்சிலின் வகைக்கான பட்டை வேறு வகை மருந்தைக் காட்டாது. மடிநோய்ப் பாலில் இயல்பாகவே உள்ள சில பொருள்களும் கிருமியைத் தடுத்து, மருந்து இல்லாமலே ஊதாவைக் காட்டிவிடும்.

நம் வாசலுக்கு வரும் பாலுக்கு இது எதுவுமே இல்லை. தயிர் உறையாவிட்டால் சந்தேகப்படலாம்தான், ஆனால் உறைமோர் பழசானாலும் உறையாது. உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தாமானில் அவரிடம் பால் வாங்குகிற வீடுகள் ஒன்றுகூடி, "மருந்து போட்டா சொல்லுங்கண்ணே, அந்த நாளுக்கும் பாதிப் பணம் தர்றோம்" என்று சொல்லுங்கள். 44 லிட்டர் நட்டத்தை முழுசாகவே பத்து வீடு பகிர்ந்தாலும் ஒரு வீட்டுக்கு நாலரை லிட்டர்கூட வராது. மருந்து உறையையும் காட்டச் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் என்று அதிலேயே இருக்கும்.